எண்ணும் வாசகமும் நிரம்பித் திறக்கும் எஸ்எம்எஸ் லிங்க்: முழுமையான வழிகாட்டி

ஒரு பட்டனை அழுத்தினால் போனின் மெசேஜ் செயலி திறக்க வேண்டும். பெறுநர் இடத்தில் நாம் குறித்த எண்ணும், எழுதும் இடத்தில் நாம் எழுதி வைத்த வாசகமும் இருக்க வேண்டும். வேலை ஒரே வரிதான் என்றாலும், அந்த ஒரு வரியில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் பல உள்ளன. தமிழ் வாசகம் வைக்கும்போது அவை இன்னும் கூடுகின்றன.

வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் கேன் போடும் ஒரு கடையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கேன் எடுத்துச் செல்பவரிடம் இருப்பது தமிழ் காட்டக்கூடிய ஒரு கீபேட் போன். ஆகவே வாட்ஸ்அப் அவருக்கு உதவாது, எஸ்எம்எஸ் உதவும். கடையின் ஒரு பக்க இணையப் பக்கத்தில் "1 கேன்", "2 கேன்" என்று இரண்டு பட்டன்கள் வைக்க வேண்டும் என்பது நம் வேலை. எண்கள் வரும் இடத்தில் `X` என்று எழுதியிருக்கிறேன். அங்கே உங்கள் இலக்கங்களை இட்டுக்கொள்ளுங்கள்.

## 1. தொடங்கும் முன் உறுதி செய்ய வேண்டியவை

முதலில் அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் போய்ச் சேருமா என்று பாருங்கள். கடைப் பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் இருப்பது பெரும்பாலும் 044 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்ணாக இருக்கும். அதை லிங்க்கில் போட்டாலும் செயலி மறுப்பின்றித் திறக்கும், வாசகமும் நிரம்பும்; ஆனால் செய்தி யார் கைக்கும் போய்ச் சேராது. லிங்க் என்பது எண்ணைச் செயலியிடம் ஒப்படைக்கிறதே தவிர, அந்த எண் எப்படிப்பட்டது என்று சோதிப்பதில்லை.

இரண்டாவதாக, சோதிப்பதற்கு ஓர் ஆண்ட்ராய்டு போனும் ஓர் ஐபோனும் வேண்டும். ஒன்றை இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். காரணம் மூன்றாம் படியில் தெரியும்.

மூன்றாவதாக, பக்கத்தின் கோப்பு யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியில் `<meta charset="utf-8">` என்ற வரி இருக்க வேண்டும். இது இல்லாமல் போனால் தமிழ் வாசகம் உலாவியிலேயே சிதைந்துவிடும். சிதைந்ததே மெசேஜ் செயலிக்கும் போகும்.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: லிங்க் செய்தியை அனுப்பாது. செயலியைத் திறந்து நிரப்பி வைக்கும், அவ்வளவே. அனுப்பும் பொத்தானை வாடிக்கையாளர்தான் அழுத்த வேண்டும். "அண்ணே, அதான் கேன் பட்டனை அழுத்திட்டேனே, இன்னும் வரலியே" என்று மறுநாள் காலையில் போன் வருவது இதனால்தான். ஆகவே பட்டனுக்குக் கீழே "மெசேஜ் திறந்ததும் அனுப்பும் குறியை அழுத்தவும்" என்று ஒரு வரி எழுதி வைப்பது அவசியம்.

## 2. எண்ணை மட்டும் வைத்து முதல் லிங்க்

வாசகத்தை இப்போது தொடாதீர்கள். எண் மட்டும் உள்ள லிங்க்கை எழுதி, அது சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். எண்ணையும் வாசகத்தையும் ஒன்றாகப் போட்டுவிட்டு லிங்க் திறக்கவில்லை என்றால், பழுது எதில் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

```html
<a href="sms:+9198XXXXXXXX">மெசேஜ் அனுப்ப</a>
```

`sms:` என்பதற்குப் பின் இரட்டைச் சாய்கோடு வேண்டாம். இணைய முகவரி எழுதிப் பழகிய கை தானாகவே `sms://` என்று எழுதிவிடும். சில போன்களில் அது திறக்கவும் செய்யும், அதனாலேயே தவறு கண்ணில் படாமல் தப்பிக்கிறது. 2010 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 5724 என்ற ஆவணம்தான் இந்த லிங்க்கின் வடிவத்தை வரையறுக்கிறது. அதில் சாய்கோடு இல்லை.

கைபேசி எண்ணை `+91` சேர்த்து, இடைவெளியும் சிறுகோடும் இல்லாமல் எழுதுங்கள். முன்னால் சுழியம் வேண்டாம். ரோமிங்கில் இருப்பவரும் வெளிநாட்டு சிம் வைத்திருப்பவரும் அழுத்தினாலும் செய்தி சரியான எண்ணுக்குப் போக நாட்டுக் குறியீடு தேவை.

இதற்கு ஒரே விலக்கு, 1909 போன்ற குறுகிய எண்கள். அவற்றுக்கு முன்னால் `+91` சேர்த்தால் அது வேறொரு எண்ணாகிவிடும். `sms:1909` என்று அப்படியே எழுத வேண்டும்.

## 3. வாசகத்தை இணைக்கும் குறி

எண்ணுக்கும் வாசகத்துக்கும் நடுவே வரும் குறியில்தான் ஆண்ட்ராய்டும் ஐபோனும் பிரிகின்றன. மேலே சொன்ன ஆவணத்தின்படி எழுதினால் இப்படி வரும்:

```
sms:+9198XXXXXXXX?body=Hello
```

ஆண்ட்ராய்டில் இது சரியாக நடக்கும். ஐபோனோ நெடுங்காலமாக, கேள்விக்குறி இருக்கும் இடத்தில் `&` என்ற குறியை எதிர்பார்த்து வந்திருக்கிறது. அதற்கும் முந்தைய பதிப்புகள் அரைப்புள்ளியை எதிர்பார்த்தன. எனவே ஒரு போனில் சோதித்துவிட்டு வெளியிட்டால், மற்ற போன் வைத்திருப்பவருக்கு எண் மட்டும் வந்து வாசகம் வெறுமையாக இருக்கலாம், அல்லது எண்ணே குழம்பிப்போகலாம்.

வழக்கில் இருக்கும் தீர்வு, இரண்டு குறிகளையும் அடுத்தடுத்து வைப்பது:

```
sms:+9198XXXXXXXX?&body=Hello
```

பார்க்க விநோதமாக இருக்கும், ஆவணத்தின் வடிவத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தவும் செய்யாது; ஆனாலும் நடைமுறையில் இது வேலை செய்கிறது. கேள்விக்குறிக்குப் பின் வருவதை `&` குறி கண்ட இடங்களில் துண்டாக்கிப் படிக்கும் செயலிக்கு, முதல் துண்டு வெறுமையாகவும் இரண்டாவது துண்டு `body` ஆகவும் கிடைக்கும். வெறுமையானதை அது பொருட்படுத்தாது. `&` குறியைத் தேடும் செயலிக்கும் அது தேடியது கிடைத்துவிடும். போன் எது என்று நிரல் எழுதிக் கண்டறிந்து இரண்டு விதமாக லிங்க் கொடுப்பவர்களும் உண்டு. அந்தச் சிரமம் தேவையில்லை என்பது என் கருத்து.

ஆப்பிளின் பழைய ஆவணம் இந்த லிங்க்கில் செய்தி வாசகமே சேர்க்கக்கூடாது என்று சொல்கிறது. நடைமுறையில் சேர்ந்தாலும், ஆவணத்தில் உறுதி தரப்படாத ஒன்று என்பதால், ஐபோனின் பெரிய பதிப்பு மாறும்போது ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வது நல்லது.

எச்டிஎம்எல்லில் கையால் எழுதும்போது `&` என்பதை `&amp;` என்று எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் எழுதும்போது வெறும் `&` போதும்; அங்கே `&amp;` எழுதினால் செயலி `amp;body` என்ற பெயரைப் பார்த்துவிட்டு வாசகத்தைக் கைவிட்டுவிடும்.

## 4. வாசகத்தை முடிவு செய்தல்

குறியாக்கத்துக்கு முன் வாசகத்தை முடிவு செய்துவிட வேண்டும். குறியாக்கிய பின் அதில் ஓர் எழுத்தைத் திருத்துவதும் தொல்லை. நம் கடைக்கு நான் வைப்பது இது:

```
கேன் 2 வேண்டும்.
முகவரி: 
```

பலரும் கதவு எண், தெரு, மாடி, பெயர், நேரம் என்று ஐந்தாறு வரிகளை வெற்றிடத்தோடு வைக்கிறார்கள். ஆனால் செயலி திறந்ததும் கர்சர் வழக்கமாக வாசகத்தின் கடைசியில் நிற்கும். நடுவில் உள்ள வெற்றிடத்தை நிரப்ப, சின்னத் திரையில் விரலால் தொட்டு மேலே போக வேண்டும். பெரும்பாலோர் அதைச் செய்யாமல் அப்படியே அனுப்பிவிடுவார்கள். ஆகவே வாடிக்கையாளர் எழுத வேண்டியது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதுவும் கடைசியில் இருக்கட்டும். கேன் எண்ணிக்கையை அவர் எழுதத் தேவையில்லாதபடி பட்டனே முடிவு செய்துவிடுகிறது.

வாசகத்தின் நீளத்துக்கு வருவோம். ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள ஓர் எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள் கொள்ளும். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும், பொதுவாக முழுச் செய்தியும் வேறு முறைக்கு மாறி, கொள்ளளவு 70 ஆகிவிடும். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் போகும். துண்டுக்கு 67 வீதம்தான் கொள்ளும், ஒவ்வொரு துண்டும் தனி எஸ்எம்எஸ்ஸாகக் கணக்கிடப்படும்.

அந்த 70 என்பது நாம் படிக்கும் எழுத்தின் கணக்கும் அன்று. "கே" என்பது `க` ஒன்று, ஏகாரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளியும் தனி ஒன்று. எனவே "கேன்" என்ற இரண்டெழுத்துச் சொல் இந்தக் கணக்கில் நான்கு. உலாவியின் கன்சோலில் இப்படிக் கேட்டால் சரியான எண்ணிக்கை கிடைக்கும்:

```js
"கேன் 2 வேண்டும்.\nமுகவரி: ".length
```

விடை 25. அதாவது முகவரிக்கு 45 மிச்சம். ஒரு கற்பனை முகவரியை இட்டுப் பார்ப்போம்: "12/5, 3வது மாடி, ராம் நகர் 4வது தெரு, வேளச்சேரி". இதன் நீளம் 47, மொத்தம் 72. வெறும் இரண்டு இடம் மிகுந்ததால் இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிட்டது. கடை வேளச்சேரிக்குள் மட்டும் கேன் போடுகிறது என்றால் ஊர்ப் பெயர் தேவையே இல்லை. அதையும் முன்னுள்ள காற்புள்ளியையும் விட்டால் மொத்தம் 61, ஒரே செய்தியில் அடங்கும். இதனால்தான் "முகவரி" என்பதற்குப் பதில் "கதவு எண், தெரு" என்று கேட்கலாமா என்று யோசிப்பதும் வீண் யோசனை அன்று. "வணக்கம்", "தயவுசெய்து", கடையின் பெயர் ஆகியவற்றை நான் சேர்க்காததற்கும் இதுவே காரணம். செய்தி கடைக்குத்தான் போகிறது, தன் பெயர் கடைக்காரருக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் வாசகம் வைப்பவர்களையும் ஒரு குறி ஏமாற்றும்: `₹`. எஸ்எம்எஸ்ஸின் 160 எழுத்து முறையின் பட்டியலில் அது இல்லை. ஆகவே அந்த ஒரு குறிக்காக முழுச் செய்தியும் 70 கணக்குக்கு இறங்கிவிடும். வேர்டில் எழுதி ஒட்டும்போது தானாக வளைந்துகொள்ளும் மேற்கோள் குறிகளும் அப்படியே. `Rs` என்றும் நேரான மேற்கோள் குறியும் வைத்தால் சிக்கல் இல்லை. ஆனால் விலையை வாசகத்தில் வைக்கவே வேண்டாம் என்பேன்: அனுப்பும் முன் வாடிக்கையாளர் அதை மாற்றி எழுத முடியும், பிறகு அது வழக்காகும்.

## 5. குறியாக்கம்

லிங்க்குக்குள் இடைவெளி, வரி முறிவு, தமிழ் எழுத்து எதையும் நேரடியாக வைக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, விழுக்காட்டுக் குறியோடு எழுத வேண்டும். இடைவெளி `%20` ஆகும், வரி முறிவு `%0A` ஆகும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், அதாவது ஒன்பது எழுத்து. "கேன் 2" மட்டும் இப்படி வரும்:

```
%E0%AE%95%E0%AF%87%E0%AE%A9%E0%AF%8D%202
```

நம் வாசகம் முழுவதும் குறியாக்கினால் 179 எழுத்து நீளும். அதைப் பார்த்து எஸ்எம்எஸ் 160-ஐத் தாண்டிவிட்டது என்று பயந்து வாசகத்தைச் சுருக்குபவர்களைக் கண்டிருக்கிறேன். செயலி திறக்கும்போதே இது மீண்டும் தமிழாகிவிடும்; எஸ்எம்எஸ் கணக்கு பழைய 25-லிருந்துதான் தொடங்கும்.

இதைக் கையால் எழுத முயல வேண்டாம். `encodeURIComponent` என்ற ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறு போதும். பட்டன்கள் இரண்டுக்கும் சேர்த்து இப்படி எழுதலாம்:

```html
<a class="can" data-n="1" href="sms:+9198XXXXXXXX">1 கேன்</a>
<a class="can" data-n="2" href="sms:+9198XXXXXXXX">2 கேன்</a>
<script>
document.querySelectorAll("a.can").forEach(function (a) {
  var t = "கேன் " + a.dataset.n + " வேண்டும்.\nமுகவரி: ";
  a.href = "sms:+9198XXXXXXXX?&body=" + encodeURIComponent(t);
});
</script>
```

`href` இல் எண் மட்டும் உள்ள லிங்க்கை முன்கூட்டியே வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஏதோ காரணத்தால் நிரல் ஓடாவிட்டாலும் பட்டன் செத்துப்போகாது. வாசகமின்றியாவது மெசேஜ் செயலி திறக்கும். வாசகத்தை மட்டும் `encodeURIComponent`க்குள் கொடுக்க வேண்டும். லிங்க் முழுவதையும் கொடுத்தால் `sms:` இல் உள்ள முக்காற்புள்ளியும் குறியாக மாறி லிங்க் பயனற்றுப் போகும்.

## 6. சோதிக்கும் வரிசை

முதலில் எண் மட்டும் உள்ள லிங்க், பிறகு `Hello` என்ற ஒற்றைச் சொல், பிறகு ஒரு தமிழ்ச் சொல், கடைசியாக முழு வாசகம் என்ற வரிசையில், இரண்டு போன்களிலும் சோதியுங்கள். எந்தப் படியில் உடைகிறதோ அந்தப் படியில் புதிதாகச் சேர்ந்ததுதான் காரணம். முழு வாசகம் வந்ததும் ஒரு செய்தியை உண்மையாகவே அனுப்பி, கேன்காரரின் கீபேட் போனில் தமிழ் தெரிகிறதா, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று நேரில் பாருங்கள். கட்டமாகத் தெரிந்தால் லிங்க்கில் பிழையில்லை, அந்தப் போனில் தமிழ் எழுத்துரு இல்லை. வாசகத்தை ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டியதுதான்.

பிழைகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். செய்தியில் சொற்களுக்கு நடுவே `+` தெரிந்தால், படிவங்களுக்கான குறியாக்கம் பயன்பட்டிருக்கிறது. பிஎச்பி எழுதுபவர்கள் `rawurlencode` பயன்படுத்த வேண்டிய இடத்தில் `urlencode` பயன்படுத்துவது வழக்கமான காரணம். செய்தியில் `%20` என்றே தெரிந்தால், குறியாக்கியதையே மறுபடியும் குறியாக்கியிருக்கிறார்கள். லிங்க்கைப் பார்த்தால் `%2520` இருக்கும். இணையப் பக்கம் கட்டித் தரும் சில கருவிகள் லிங்க் பெட்டியில் இட்டதைத் தாமே ஒருமுறை குறியாக்கும். அங்கே குறியாக்காத வாசகத்தைத்தான் கொடுக்க வேண்டும். வாசகம் பாதியில் நின்றுபோனால், நின்ற இடத்தில் `&` அல்லது `#` இருந்திருக்கும்; கதவு எண்ணுக்கு `#` போடும் பழக்கம் இதற்கு அடிக்கடி காரணமாகிறது. அவை முறையே `%26`, `%23` ஆக மாறியிருக்க வேண்டும்.

அழுத்தினால் வெற்றுப் பக்கம் ஒன்று திறந்து நின்றால், லிங்க்கில் `target="_blank"` இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். உலாவி "தளம் இல்லை" என்று சொன்னால், ஏதோ கருவி முன்னால் `https://` ஒட்டியிருக்கிறது.

## 7. பகிரும்போது

`sms:` என்று தொடங்கும் வரியை வாட்ஸ்அப் குழுவில் அப்படியே ஒட்டினால் அழுத்தும் லிங்க்காகும் என்று நம்ப வேண்டாம். அபார்ட்மென்ட் குழுவில் பகிர வேண்டியது பட்டன்கள் உள்ள பக்கத்தின் `https` முகவரி. அந்தப் பக்கத்தைச் சில செயலிகள் தம் சொந்த உள் உலாவியிலேயே திறக்கும். அங்கே பட்டனை அழுத்தியதும் `ERR_UNKNOWN_URL_SCHEME` என்று வந்தால் லிங்க் சரிதான். அந்த உள் உலாவிக்கு மெசேஜ் செயலியை அழைக்கத் தெரியவில்லை. மெனுவிலிருந்து குரோமில் திறந்தால் நடக்கும்.

இரண்டு சிம் உள்ள போனில் எந்த சிம்மிலிருந்து அனுப்புவது என்பதை லிங்க்கால் சொல்ல முடியாது. வாடிக்கையாளரின் செய்தி கடைக்காரர் சேமித்து வைத்திருக்காத எண்ணிலிருந்து வரக்கூடும். எனவே பழைய வாடிக்கையாளரே ஆனாலும் முகவரி வரியை வாசகத்திலிருந்து நீக்க வேண்டாம்.

கணினியில் அழுத்துபவருக்குப் பெரும்பாலும் எதுவும் நடக்காது, அல்லது எந்தச் செயலியில் திறப்பது என்ற கேள்வி வரும். பட்டன்களுக்குக் கீழே எண்ணை எல்லோரும் படிக்கும்படி எழுதி வையுங்கள். கணினியில் பார்ப்பவர் அதைத் தம் போனில் தட்டிக்கொள்வார்.